பலகைக்கு முந்தைய இரண்டு எட்டுகள்

பள்ளி விளையாட்டு விழாவில் நீளம் தாண்டுபவர்களின் காலை மட்டும் கவனியுங்கள். நன்றாக ஓடி வரும் பிள்ளை, பலகை நெருங்கியதும் தடுமாறும். குட்டி எட்டுகளாக வைக்கும், இல்லையென்றால் கடைசி எட்டை நீட்டிப் போடும். சேர்த்த வேகம் அங்கேயே போய்விடுகிறது. கோளாறு பெரும்பாலும் காலில் இல்லை, ஓட்டத்தைத் தொடங்கிய இடத்தில் இருக்கிறது.

2023-ல் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் போன்றவர்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளும் வெகு தூரத்திலிருந்து ஓடி வருகிறார்கள். எட்டுகள் கூடக் கூடப் பிழையும் கூடும். பள்ளி வயதில் 12 எட்டு போதும்.

இடது காலில் எழும்பும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். இடது காலை முன்வைத்து நின்று, வலது காலால் முதல் எட்டை எடுத்தால் பன்னிரண்டாவது எட்டு இடது காலாக வரும். பலகையைப் பார்க்காமல் நான்கைந்து முறை ஓடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பாதம் 30 செ.மீ. தாண்டி விழுந்தால், தொடக்கக் குறியை 30 செ.மீ. பின்னால் தள்ளினால் போதும். ஒருமுறை தாண்டியும் ஒருமுறை குறைந்தும் விழுந்தால் குறியை நகர்த்திப் பயனில்லை. பலகைக்கு நான்கு எட்டு முன்னால் இன்னொரு அடையாளம் வையுங்கள். கால் அங்கேயே முன்பின்னாக விழுந்தால் புறப்பாடு சீராக இல்லை. அங்கே சரியாக விழுந்து பலகையில் தவறினால், அவள் பலகையைத் தேடி எட்டை மாற்றுகிறாள்.

கடைசிக்கு முந்தைய எட்டு கொஞ்சம் நீளமாக இருக்கும். இடுப்பு சற்றுத் தாழும். கடைசி எட்டு குறுகலாக, சட்டென்று விழ வேண்டும். அப்போதுதான் தாழ்ந்த உடல் மேலெழும். பாதம் முழுவதும் தட்டையாகப் பலகையில் பதிய, மற்ற முழங்கால் இடுப்பு உயரத்துக்கு ஏற வேண்டும். குதிகால் மட்டும் முட்டினால் அது பிரேக் போட்டதுபோல. வேகம் குறையும், குதிகாலும் முழங்காலும் வலிக்கும். கண் பலகையில் இருந்தால் தலை குனியும், உடல் முன்னால் கவிழும், கால்கள் மணலில் சீக்கிரமே இறங்கிவிடும். பார்வை குழிக்கு அப்பால் இருக்கட்டும்.

இறங்கும்போது கால்களை முன்னே நீட்டி, குதிகால் மணலைத் தொட்டதும் முழங்காலை மடக்க வேண்டும். இடுப்பு குதிகால் பதிந்த பள்ளத்தைக் கடந்து முன்னாலோ பக்கவாட்டிலோ போக வேண்டும். மணலில் உடல் பட்ட தடங்களில் பலகைக்கு மிக அருகில் உள்ளதைத்தான் அளப்பார்கள். குதிகால் 4.60 மீட்டரில் பதிந்தாலும், பின்னால் ஊன்றிய கை 4.30-ல் பட்டால் கணக்கு 4.30 தான். எழுந்த பிறகு குழிக்குள் பின்னோக்கி நடந்து வெளியேறினாலும் ஃபவுல். முன்பக்கமாகவே வெளியே வரப் பழக்குங்கள்.