தம்ஸ் அப் அழுத்தும் முன்

தோழி ஒருத்தி, அம்மாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு விளக்கம் கேட்டிருக்கிறாள். பெயர், வயது எல்லாம் அதிலேயே இருந்தது. “இதை வெச்சு அதுக்குப் பாடம் நடத்துவாங்களாமே, நிஜமாடி?” என்றாள்.

நடத்தலாம். தனிநபர் கணக்குகளில், இலவசமோ கட்டணமோ, அந்த அனுமதி முதலிலிருந்தே ‘ஆன்’ நிலையில்தான் இருக்கும். நிறுவனங்கள் வாங்கும் பிசினஸ், என்டர்பிரைஸ் கணக்குகளில் மட்டும் தலைகீழ்.

நிறுத்துவது சுலபம். Settings-க்குள் Data controls, அதில் Improve the model for everyone என்ற வரி. அதை அணைத்தால் போதும். பழைய உரையாடல்கள் பட்டியலில் அப்படியே இருக்கும், எதுவும் அழியாது.

ஆனால் அணைப்பது அதன்பின் தொடங்கும் புதிய உரையாடல்களுக்குத்தான் உத்தரவாதம். ஏற்கெனவே பயிற்சிக்குப் போனதைத் திரும்பப் பிடுங்க முடியாது. தோழி அந்த அறிக்கை உரையாடலைத் தனியாக நீக்கினாள். நீக்கியது பட்டியலிலிருந்து உடனே மறையும். சர்வரிலிருந்து போக, வழக்கமாக 30 நாள் வரை ஆகும்.

இன்னொரு ஓட்டை பலருக்குத் தெரியாது. அனுமதியை அணைத்த பிறகும், பதிலுக்குக் கீழே உள்ள கட்டைவிரலை அழுத்திக் கருத்துச் சொன்னால், அந்த உரையாடல் முழுவதும் பயிற்சிக்குப் போகலாம். தோழியோ நன்றி சொல்கிற பழக்கத்தில் ஒவ்வொரு பதிலுக்கும் தம்ஸ் அப் போடுகிறவள்!

இப்போது மருத்துவ விஷயம் என்றால் Temporary chat-ஐத் திறக்கிறாள். அது பயிற்சிக்குப் போவதில்லை. பெயர் இருக்கும் மேல்பகுதியை வெட்டிவிட்டுத்தான் படத்தையே ஏற்றுகிறாள்.