ஒரு கார்டு எத்தனை நொடி?

கிட்டார் பழகுகிறவர்கள் சீக்கிரமே வந்து சேரும் இடம், பன்னிரண்டு பார் புளூஸ். அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த வடிவம் இது. பாருக்கு நான்கு பீட், மூன்றே கார்டு. ஜி ஸ்கேலில் வாசித்தால் முதல் நான்கு பார் ஜி, அடுத்து சி இரண்டு பார், ஜி இரண்டு, டி இரண்டு, மறுபடி ஜி இரண்டு. சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ (1958) பாட்டில் கார்டுகள் இந்த வரிசையில்தான் போகின்றன. அவர் வாசித்தது பி ஃப்ளாட்டில் என்பது மட்டும் வித்தியாசம்.

அதே வரிசையை மெதுவாக, நொடிக்கு ஒரு பீட் என்று வாசித்துப் பார்த்தால் பாட்டு நகரவே மறுக்கும். எந்தக் கார்டும் தவறில்லை. பிறகு ஏன் இப்படி?

பாரை விட்டுவிட்டு நொடியைக் கணக்கிட்டால் காரணம் தெரிந்துவிடும். ‘ஜானி பி. குட்’டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 168 பீட். அந்த வேகத்தில் முதல் கார்டின் நான்கு பார் ஆறு நொடிக்குள் முடிந்துவிடும்; மற்ற கார்டுகளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று நொடி. நிமிடத்துக்கு 60 பீட் என்றால் அதே முதல் கார்டு பதினாறு நொடி நிற்கும். எழுதி வைத்த தாளில் இரண்டும் நான்கு பார்தான். கேட்கிறவர் காதுக்கோ ஐந்தாவது நொடியிலேயே அந்தக் கார்டில் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை.

மெதுவான புளூஸ் வாசிப்பவர்கள் இந்த இடைவெளியை எப்படி நிரப்பினார்கள் என்பதற்கு டி-போன் வாக்கர் 1947-ல் பதிவுசெய்த ‘ஸ்டார்மி மண்டே’ பாட்டின் பிற்கால வடிவங்கள் நல்ல பாடம். பாபி பிளாண்ட் பாடியதிலும், 1971-ல் வெளியான ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் மேடைப் பதிவிலும் இடையிடையே புதுக் கார்டுகள் நுழைந்தன. ஏழாவது, எட்டாவது பார்களைப் பாருங்கள். பழைய வரிசையில் அங்கே ஜி மட்டும் எட்டு பீட் நிற்கும்; இங்கே இரண்டு பீட்டுக்கு ஒன்றாக ஜி, ஏ மைனர், பி மைனர், பி ஃப்ளாட் மைனர் என்று நான்கு. ஒன்பதாவது பாரில் கை மறுபடி ஏ மைனரில் வந்து இறங்குகிறது. படி ஏறி, அரைப்படியாகக் கீழே இறங்கும் நடை.

இந்த நான்கும் மனம்போன போக்கில் செருகியவை அல்ல. ஐந்தாவது பாரில் சி, ஏழாவதில் ஜி, பதினொன்றில் மறுபடி ஜி என்ற தூண்கள் அசையவில்லை. தூண்களுக்கு நடுவில்தான் வேலை நடக்கிறது. மாற்றம் விழுவதும் பாரின் முதல் பீட்டிலும் மூன்றாவது பீட்டிலும் மட்டுமே. இரண்டாவது அல்லது நான்காவது பீட்டில் கார்டைப் போட்டால் பெரும்பாலும் தாளமே தடுக்கி விழுந்ததுபோல் கேட்கும். பாடகர் இழுத்து நிறுத்தும் சுரத்தோடு புதுக் கார்டு உரசுகிறதா என்பதையும் ஒருமுறை பாடிப் பார்த்துவிட வேண்டும். உரசினால் கார்டுதான் போக வேண்டும், மெட்டு அல்ல.

நொடிக்கு ஒரு பீட் வேகத்தில் இந்தக் கார்டுகளுக்கு ஆளுக்கு இரண்டு நொடி கிடைக்கிறது. சக் பெர்ரியின் சி கார்டுக்குக் கிடைத்த மூன்று நொடிக்கு இது வெகு தூரமில்லை. பாருக்கு இரண்டு கார்டு, இரண்டு பாருக்கு ஒரு கார்டு என்று எழுத்தில் நான்கு மடங்கு வித்தியாசம். காதில் அநேகமாக ஒரே நடை.

இதைத் தலைகீழாகச் செய்தால் கோளாறு விரலில் தெரியும். ‘ஸ்டார்மி மண்டே’ நடையை 168-இல் வாசித்தால் கார்டுக்கு முக்கால் நொடிகூட இல்லை. இடது கை அடுத்த கார்டுக்காக முன்கூட்டியே தந்தியை விட்டுவிடும். ஒவ்வொரு கார்டின் கடைசி அரை பீட் செத்த ஒலியாகும். பேஸ் வாசிப்பவர் பின்தங்குவார், பாட்டு இழுபடும். அப்போது கையைப் பழக்குவதற்கு முன் கார்டுகளில் பாதியைக் கழித்துப் பார்ப்பது நல்லது. பாட்டு எதையும் இழக்கவில்லை என்றால் அவை அங்கே தேவைப்படவில்லை.

இந்தக் கணக்கை வேண்டுமென்றே மீறியவர்களும் உண்டு. 1959-ல் ஜான் கோல்ட்ரேன் இரண்டு எதிர்த்துருவங்களில் சாக்ஸஃபோன் வாசித்தார். மைல்ஸ் டேவிஸின் ‘ஸோ வாட்’டில் ஒரே மோடு பதினாறு பார் நீடிக்கிறது, ஏறக்குறைய அரை நிமிடம். அங்கே கார்டு செய்யாத நகர்வைப் பேஸும் தனி வாசிப்பும் செய்கின்றன. கோல்ட்ரேனின் சொந்தப் படைப்பான ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ அதற்கு நேர்மாறு. நிமிடத்துக்கு 280 பீட்டுக்கும் மேல் போகும் வேகத்தில் பெரும்பாலான கார்டுகளுக்கு இரண்டே பீட், அதாவது அரை நொடிக்கும் குறைவு. பதிவில் பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் தேர்ந்த கலைஞர். ஆனாலும் அவர் முறை வரும்போது வாசிப்பு துண்டு துண்டாகி, கடைசியில் வெறும் கார்டுகளாகச் சுருங்குவதை இன்றும் கேட்கலாம். 1982-ல் அவர் அதே பாட்டைத் தன் சொந்த இசைத்தட்டுக்காக மறுபடி வாசித்தார்.