இரண்டு வெப்பநிலை, ஒரு மேடு

நைட்ரஜன் பென்டாக்சைடு வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும் பொருள். அதை ஆவியாக்கி, கண்ணாடிக் குடுவையில் அடைத்து, 25 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஐந்தரை மணி நேரத்தில் பாதி சிதைந்துவிடும். பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடும் ஆக்சிஜனும் மிஞ்சும். அதே குடுவையை 65 டிகிரியில் வைத்தால், பாதி சிதைய இரண்டரை நிமிடம்கூட ஆகாது.

கூடியது 40 டிகிரி. அறுதி வெப்பநிலையில், அதாவது கெல்வினில் சொன்னால் 298-லிருந்து 338. நூற்றுக்குப் பதின்மூன்று சொச்சம்தான் உயர்வு. ஆனால் வேகமோ ஏறத்தாழ 141 மடங்கு ஏறிவிட்டது. இந்தப் பொருந்தாக் கணக்குக்குள்தான் கிளர்வு ஆற்றல் ஒளிந்திருக்கிறது.

ஒரு மூலக்கூறு உடைய வேண்டுமானால் முதலில் ஒரு மேட்டில் ஏறியாக வேண்டும். பிணைப்பு இழுபட்டு அறும் நிலைதான் அந்த மேட்டின் உச்சி. அதன் உயரமே கிளர்வு ஆற்றல். சாதாரண அறைச்சூட்டில் மூலக்கூறுகளிடம் புழங்கும் வெப்ப ஆற்றல் மோலுக்குச் சுமார் 2.5 கிலோ ஜூல். நம் மேடோ அதைப்போல நாற்பது மடங்குக்கு மேல். ஏறிக் கடக்கும் வலு கோடி கோடியில் ஒரு மூலக்கூறுக்குக்கூட இருக்காது. இவ்வளவு சொற்பமான கூட்டத்தைத்தான் சூடு பெருக்குகிறது. சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே, விளிம்பில் நிற்பவர்களின் எண்ணிக்கை பல மடங்காகிவிடும். 1889-ல் ஸ்வீடனின் ஸ்வாண்டே அர்ஹீனியஸ் இதைத்தான் ஒரு சமன்பாட்டில் பிடித்தார்:

k = A e^(−Ea/RT)

இதில் k என்பது வேக மாறிலி. T கெல்வின் வெப்பநிலை. R வாயு மாறிலி, மதிப்பு 8.314, Ea நாம் தேடும் கிளர்வு ஆற்றல். A என்பதுதான் தொல்லை. மூலக்கூறுகள் மேட்டை நோக்கி எத்தனை முறை முட்டிப் பார்க்கின்றன என்பதைக் குறிக்கும் எண் அது; நேரடியாக அளக்க வழியில்லை. ஒரு வெப்பநிலையில் மட்டும் வேகத்தை அளந்தால், ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாத எண்களை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். இரண்டு வெப்பநிலையில் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் A அடிபட்டுப் போகும். இரண்டு அளவு தேவைப்படுவதற்குக் காரணம் இவ்வளவுதான். வகுத்து மடக்கை எடுத்தபின் கிடைப்பது இது:

ln(k₂/k₁) = (Ea/R)(1/T₁ − 1/T₂)

இனிக் கணக்கு. 1921-ல் ஃபாரிங்டன் டேனியல்ஸும் எல்மர் ஜான்ஸ்டனும் வெளியிட்ட நைட்ரஜன் பென்டாக்சைடு அளவுகள் இன்றும் கல்லூரிப் பாடநூல்களில் வலம் வருகின்றன. இரண்டு மூலக்கூறு சிதைந்தால் ஐந்து மூலக்கூறு பிறப்பதால், மூடிய குடுவையில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தைப் பார்த்தே சிதைவின் வேகத்தைக் கணக்கிடலாம். 298 கெல்வினில் மீதமிருக்கும் பொருளில் நொடிக்கு லட்சத்தில் 3.46 பங்கு சிதைகிறது. 338 கெல்வினில் லட்சத்தில் 487 பங்கு. இவைதான் இரண்டு வேக மாறிலிகள்.

487-ஐ 3.46-ஆல் வகுத்தால் 140.75. அதன் இயல் மடக்கை 4.947. வலப்பக்கத்தில் 1/298-லிருந்து 1/338-ஐக் கழித்தால் 0.000397. 4.947-ஐ 8.314-ஆல் பெருக்கி, 0.000397-ஆல் வகுத்தால் 1,03,600 ஜூல் வருகிறது. மோலுக்கு 103.6 கிலோ ஜூல். மேட்டின் உயரம் தெரிந்துவிட்டது.

இதில் தவறு நுழையும் வாசல்கள் இரண்டு. கெல்வினுக்குப் பதில் 25, 65 என்று செல்சியஸையே போட்டால் விடை 1.67 கிலோ ஜூல் வரும். இது மூலக்கூறுகளிடம் ஏற்கெனவே புழங்கும் ஆற்றலைவிடக் குறைவு. அப்படியானால் மேடே இல்லை. ஐந்தரை மணி நேரம் எதற்கு? பார்த்ததுமே பிடிபடும் தவறு இது. மற்றது பொல்லாதது. கால்குலேட்டரில் ln-க்குப் பதில் log பொத்தானை அழுத்திவிட்டால் 45 கிலோ ஜூல் வரும். இது நம்பும்படியான எண். எத்தனையோ வினைகளுக்கு உண்மையிலேயே இந்த அளவு உண்டு. கண்டுபிடிக்க ஒரே வழி, விடையைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுப் பார்ப்பது. 45 கிலோ ஜூல் மேடாக இருந்தால் இந்த 40 டிகிரி உயர்வில் வேகம் 8.6 மடங்குதான் கூடும். நாம் அளந்ததோ 141 மடங்கு.

கணக்கைச் சரியாகப் போட்டாலும் விடை சரியாக இருக்குமா என்பது வேறு கேள்வி. அதே அட்டவணையில் இடைப்பட்ட வெப்பநிலைகளும் உண்டு. லட்சத்தில் 308 கெல்வினில் 13.5, 318-ல் 49.8, 328-ல் 150. இவற்றை அடுத்தடுத்த ஜோடிகளாக எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். 298, 308 ஜோடி 103.9 தருகிறது, நல்லது. அடுத்தது 106.3. அதற்கடுத்த 318, 328 ஜோடி 95.6 என்று இறங்குகிறது. கடைசி ஜோடி 108.5 என்று ஏறுகிறது. ஒரே பொருள், ஒரே மேடு, ஒரே அட்டவணை. விடையில் 13 கிலோ ஜூல் ஊசலாட்டம்.

மேடு ஆடவில்லை, அளவுதான் ஆடுகிறது. 328-ல் அளந்த வேகம் சற்றே குறைவாக விழுந்திருந்தால், அதற்கு முந்தைய ஜோடியின் விடை தாழும், பிந்தையது உயரும். இங்கே நடந்திருப்பதும் அதுவே. பத்து டிகிரி இடைவெளியில் ஒரு வேக மாறிலி நூற்றுக்கு 5 பிசகினால், விடை கிட்டத்தட்ட 4 கிலோ ஜூல் தவறிப்போகும். நாற்பது டிகிரி இடைவெளியில் அதே பிசகு ஒரு கிலோ ஜூலோடு நின்றுவிடும். வேகத்தில் 5 விழுக்காடு தவறுவது அப்படியொன்றும் அரிதில்லை. இந்த வினையில், தொட்டித் தண்ணீரின் சூடு அரை டிகிரி பிசகினாலே வேகம் 7 விழுக்காடு மாறிவிடும்.

அதற்காக இடைவெளியை இஷ்டத்துக்கு விரிக்கவும் முடியாது. மிகக் குளிரில் வினை நாள்கணக்கில் இழுக்கும். மிகச் சூட்டில் குடுவை முழுதும் சூடேறுவதற்குள் வினையே முடிந்துவிடும். சில வினைகள் சூட்டில் பாதையையே மாற்றிக்கொள்ளும். நொதியை 65 டிகிரிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அதுவே குலைந்துபோகும். வேகம் ஏறுவதற்குப் பதில் விழும். இரண்டு புள்ளி முறைக்கு இதெல்லாம் கண்ணில் படாது. எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு போட்டுவிடலாம் அல்லவா? கோடு வளைகிறதா என்று சொல்ல மூன்றாவது புள்ளியாவது வேண்டும். ஆய்வகங்களில் நாலைந்து வெப்பநிலையில் அளந்து, ln k-ஐ 1/T-க்கு எதிரே வரைவது இதற்காகத்தான்.

நம் நைட்ரஜன் பென்டாக்சைடுக்கும் ஒரு பின்கதை உண்டு. மூலக்கூறு ஒரே மூச்சில் சிதைகிறது என்றே முதலில் நம்பினார்கள். 1947-ல் ரிச்சர்ட் ஆக் என்பவர், அது முதலில் இரண்டு துண்டாகிறது, பெரும்பாலும் அந்தத் துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன, எப்போதாவது தப்பும் துண்டுகளே வினையை முன்னே கொண்டுபோகின்றன என்று விளக்கினார். 103.6 என்பது ஒரு மேட்டின் உயரமல்ல. பல படிகள் சேர்ந்து காட்டும் உயரம்.

அதனால் விடையை எழுதும்போது பக்கத்தில் வெப்பநிலைகளையும் எழுதிவையுங்கள்: 103.6 கிலோ ஜூல், 298-க்கும் 338-க்கும் இடையே.