ஓடாத கணினியில் ஓடும் நிரல்

‘ஃபார் லூப்பின் தொடரியலை எழுதுக’ என்று கேட்டால், மனப்பாடம் செய்தவருக்கு முழு மதிப்பெண். அவருக்கு நிரல் புரிந்ததா என்பது மட்டும் தெரியாது. அதற்குப் பதில் இந்தப் பைத்தான் நிரலைக் கொடுக்கலாம்:

```python
a = [-4, -9, -2]
b = 0
for n in a:
    if n > b:
        b = n
print(b)
```

பட்டியலில் இருப்பவை ஒரு குளிர்ப் பிரதேசத்தின் மூன்று நாள் வெப்பநிலைகள். அவற்றில் அதிகமானதைச் சொல்வதே நிரலின் வேலை. ஒவ்வொரு சுற்றிலும் `b`-யின் மதிப்பை எழுதி, பிழையையும் திருத்த வேண்டும்.

மூன்று எண்களும் 0-ஐவிடச் சிறியவை. அதனால் `b` மாறவே மாறாது. திரையில் 0 வரும். வரிவரியாகப் போகாமல் நோக்கத்தை மட்டும் பார்த்தவர் -2 என்று எழுதிவிடுவார். எங்கே சறுக்கினார் என்பதை அந்த விடையே ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும். திருத்தம் சின்னதுதான்: `b = a[0]` என்று தொடங்கினால் -2 வந்துவிடும்.

ஆனால், விடுபட்ட முக்காற்புள்ளியைத் தேடச் சொல்வதைப் பிழைதிருத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. அது வேஷம் மாற்றிய மனப்பாடம்.

அடுத்த ஆண்டு -9-ஐ 5 ஆக்கினால் இதே நிரல் 5 என்று காட்டும். பழைய வினாத்தாளை உருப்போட்டு வந்தவர் 0 என்றுதான் எழுதுவார்.