'காக்கேசியர்': அறிவியல் நீங்கியும் வழக்கு நீங்காத சொல்

ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் புளூமென்பாக் 1795இல் மாந்தரை ஐந்து வகைகளாகப் பகுத்து, ஐரோப்பியரை உள்ளடக்கிய வகைக்குக் 'காக்கேசியர்' எனப் பெயரிட்டார். ஜார்ஜியப் பெண்ணொருத்தியின் மண்டையோட்டின் அழகு அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்றாகும். பின்னர்க் குவியே இப்பகுப்பைக் காக்கேசியர், மங்கோலியர், எத்தியோப்பியர் என மூன்றாகச் சுருக்கினார்.

இப்பகுப்பு இனங்களுக்கிடையே தெளிவான எல்லைகளை முன்கொள்கிறது. லெவொன்டின் 1972இல் குருதி வகைகளையும் புரதங்களையும் ஆராய்ந்து, மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் குழுவுக்குள்ளேயே அமைவதையும், இனங்களுக்கிடையே 6 விழுக்காடே அமைவதையும் காட்டினார். வகைப்பாட்டுக் கருவி என்னும் தகுதியை அச்சொல் இழந்தது.

அது வழக்கில் எஞ்சியமையை அமெரிக்கச் சட்ட வரலாறு விளக்குகிறது. அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டத்திலிருந்த 'வெள்ளையர்' என்னும் சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் 1922இல், ஒசாவா வழக்கில், 'காக்கேசியர்' எனப் பொருள் கொண்டது. அவ்விளக்கத்தைப் பற்றிப் பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த் தாமும் காக்கேசியரே என வாதிட்டார். 1923இல் அதே நீதிமன்றம், பொதுமக்கள் கொள்ளும் பொருளே அளவுகோல் எனக் கூறி அவர் கோரிக்கையை மறுத்தது. மானிடவியற் பொருள் விலக்கப்பட்ட பின்னரும், 'வெள்ளையர்' என்பதற்குரிய மதிப்பார்ந்த மாற்றுச் சொல்லாக அது நிலைத்தது. மருத்துவப் படிவங்களிலும் இதழ்களிலும் இன்றும் அது வழங்குவது இப்பொருளிலேயாம்.