வேதிவினை நடுவழியில் நிற்பது ஏன்?

டைநைட்ரஜன் டெட்ராக்ஸைடு (N₂O₄) நிறமற்ற வாயு. அதன் மூலக்கூறு ஒன்று இரண்டாக உடைந்தால் நைட்ரஜன் டையாக்ஸைடு (NO₂) என்ற பழுப்பு நிற வாயு கிடைக்கும். இரண்டு NO₂ மூலக்கூறுகள் சேர்ந்தால் மீண்டும் N₂O₄ உருவாகும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் 1 பார் அழுத்தத்திலும் ஒரு மோல் தூய N₂O₄ வாயுவை வைத்தால், ஏறத்தாழ 19 சதவீதம் உடைந்ததும் மாற்றம் நின்றுவிடும். இரண்டு மோல் தூய NO₂ வாயுவிலிருந்து தொடங்கினாலும் கலவை வந்து நிற்பது அதே இடத்தில்தான். இரு திசைகளிலிருந்தும் வினை ஒரே புள்ளியில் வந்து முடிவதன் காரணத்தை ஒரு வரைபடத்தில் கண்ணால் பார்க்கலாம்.

அந்த வரைபடத்தின் கிடை அச்சு, வினை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதைக் குறிக்கிறது. இதற்கு வினை முன்னேற்றம் என்று பெயர், குறியீடு ξ. இந்த அளவை வேதியியலில் புகுத்தியவர் பெல்ஜிய அறிஞர் தியோஃபில் டி டொண்டே. தூய N₂O₄ மட்டும் இருக்கும்போது ξ சுழி. முழுவதும் NO₂ ஆகிவிட்டால் 1. இடையில் எந்தக் கட்டத்திலும் கலவையில் 1−ξ மோல் N₂O₄, 2ξ மோல் NO₂ இருக்கும்; மொத்தம் 1+ξ மோல்.

இந்த அச்சைக் காலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடநூல்களில் மேடுபோல வரையப்படும் கிளர்வு ஆற்றல் படத்தின் அச்சும் இது அல்ல. அந்தப் படம் மூலக்கூறுகள் ஒரு முறை வினைபுரியும்போது கடக்கும் பாதையைக் காட்டுவது. இங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழுக் கலவை. இவ்வளவு வினைபடுபொருள், இவ்வளவு விளைபொருள் என்ற ஒரு குறிப்பிட்ட விகிதம்.

செங்குத்து அச்சில் வருவது அந்தக் கலவையின் கட்டிலா ஆற்றல். அமெரிக்க அறிவியலாளர் ஜோசையா வில்லர்டு கிப்ஸ் 1870களில் உருவாக்கிய அளவு இது. அதனால் G என்று குறிக்கப்படுகிறது. வெப்பநிலையும் அழுத்தமும் மாறாத நிலையில், கலவையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சேர்ந்து என்ட்ரோபி எவ்வளவு கூடுகிறதோ, அதை வெப்பநிலையால் பெருக்கினால் வரும் அளவுக்கு G குறைகிறது. தானாக நடக்கும் எந்த மாற்றத்திலும் மொத்த என்ட்ரோபி கூடியே ஆக வேண்டும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஆகவே அந்த நிலைமைகளில் தானாக நடக்கும் வினை G குறையும் திசையில்தான் போக முடியும்.

இனி வரைபடத்தை வரையலாம். முதலில் ஒரு கற்பனை. உருவாகும் NO₂ வாயு, மீதமிருக்கும் N₂O₄ வாயுவோடு கலக்காமல் தனிப் பாத்திரத்தில் 1 பார் அழுத்தத்தில் சேர்கிறது என்று கொள்வோம். 25 டிகிரியில் இரண்டு மோல் NO₂ வாயுவின் கட்டிலா ஆற்றல், ஒரு மோல் N₂O₄ வாயுவினுடையதைவிடச் சுமார் 4.7 கிலோஜூல் அதிகம். இதுதான் அட்டவணைகளில் காணப்படும் திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம், ΔG°. தூய N₂O₄ வாயுவின் மதிப்பைச் சுழி என்று வைத்தால், வரைபடம் சுழியிலிருந்து 4.7 வரை ஏறும் ஒரு நேர்கோடாக இருக்கும். ΔG° நேர்க்குறி என்பதால் வினை நடக்காது என்று பல மாணவர்கள் முடிவு செய்வது இந்தக் கோட்டை மட்டும் மனத்தில் வைத்துத்தான். கோடு மட்டுமே உண்மையாக இருந்திருந்தால் முடிவும் சரியாகவே இருந்திருக்கும். ஒரு துளி N₂O₄ கூட உடையாது.

ஆனால் இரு வாயுக்களும் ஒரே பாத்திரத்தில்தான் இருக்கின்றன, கலக்கின்றன. கலக்கும்போது மூலக்கூறுகள் அமையக்கூடிய வகைகள் பெருகி என்ட்ரோபி கூடுகிறது. அதனால் G குறைகிறது. இரு முனைகளிலும் ஒரே வாயுதான் உண்டு, கலப்பு இல்லை. அங்கே இந்தக் குறைவு சுழி. நடுவில் குறைவு அதிகம். ஆகவே உண்மையான வரைபடம், ஏறும் நேர்கோட்டின் இரு முனைகளிலும் தொட்டுக்கொண்டு, இடையில் கீழ்நோக்கித் தொய்ந்த ஒரு வளைகோடு.

எவ்வளவு தொய்வு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். பத்து சதவீதம் உடைந்த நிலையில் நேர்கோடு 0.47 கிலோஜூல் ஏறியிருக்கும், கலப்போ 1.29 கிலோஜூல் இறக்குகிறது. மிஞ்சுவது −0.82. பத்தொன்பது சதவீதத்தில் ஏற்றம் 0.89, இறக்கம் 1.84, மிஞ்சுவது −0.95. முப்பது சதவீதத்தில் மிஞ்சுவது −0.81. பாதி உடைந்த நிலையில் ஏற்றமும் இறக்கமும் ஈடாகி, G ஏறக்குறைய சுழிக்கே திரும்பிவிடுகிறது. எண்பது சதவீதத்தில் +2.2, முடிவில் +4.7. இந்த வரிசையில் மிகத் தாழ்ந்த மதிப்பு பத்தொன்பது சதவீதத்துக்கு உரியது. அதற்கு இடப்பக்கத்தில் உள்ள கலவை N₂O₄ உடைவதன் மூலம் கீழே இறங்குகிறது. வலப்பக்கத்தில் உள்ளது NO₂ இணைவதன் மூலம் இறங்குகிறது. சிறுமப் புள்ளியை அடைந்த பிறகு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் G கூட வேண்டும். அது தானாக நடக்காது. இதுவே வேதிச் சமநிலை. வளைகோட்டுக்கு ஒரே ஒரு சிறுமம்தான் இருப்பதால், எங்கிருந்து தொடங்கினாலும் முடிவிடம் ஒன்றே.

மூலக்கூறுகள் அங்கே ஓய்ந்து போவதில்லை. N₂O₄ உடைந்துகொண்டும் NO₂ இணைந்துகொண்டும் இருக்கின்றன. இரண்டின் வேகமும் சமம் என்பதால் விகிதம் மட்டும் மாறுவதில்லை.

வளைகோட்டில் ஒரு புள்ளியின் சாய்வுக்குத் தனிப் பொருள் உண்டு. அந்தக் கலவையிலிருந்து வினை மேலும் சிறிது முன்னேறினால் G எந்த வீதத்தில் மாறும் என்பதை அது சொல்கிறது. வட்டக் குறி இல்லாத ΔG என்பது இந்தச் சாய்வுதான். நம் எடுத்துக்காட்டில் அது பத்து சதவீதத்தில் மோலுக்கு −3.2 கிலோஜூல், முப்பது சதவீதத்தில் +2.4, சமநிலையில் சுழி. ΔG° என்பதோ இரு முனைகளுக்கும் இடையிலான உயர வேறுபாடு; கலவை எதுவானாலும் மாறாத ஒரே எண். இரண்டையும் இணைக்கும் சமன்பாடு இது:

ΔG = ΔG° + RT ln Q

இங்கே Q என்பது வினைக் குணகம். NO₂ வாயுவின் பகுதி அழுத்தத்தின் இருமடியை N₂O₄ வாயுவின் பகுதி அழுத்தத்தால் வகுத்து வரும் எண். சாய்வு சுழியாகும் இடத்தில் Q பெறும் மதிப்பே சமநிலை மாறிலி K. ΔG° 4.7 கிலோஜூல் என்றால் K சுமார் 0.15, அதிலிருந்து கணக்கிட்டாலும் ξ 0.19 என்றே வருகிறது. ஆக, ΔG° நேர்க்குறியாக இருப்பது வினை நடக்காது என்பதைக் காட்டுவதில்லை. சிறுமம் தொடக்க முனைக்கு அருகில் இருக்கிறது என்பதையே காட்டுகிறது.

வளைகோட்டின் இரு முனைகளும் கூர்ந்து பார்க்கத் தக்கவை. தூய N₂O₄ வாயுவில் வெறும் ஒரு சதவீதம் உடைந்தாலே G 0.2 கிலோஜூல் இறங்கிவிடுகிறது. சமநிலை வரையிலான மொத்த இறக்கத்தில் இது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு வாயுவில் இன்னொன்றின் முதல் சில மூலக்கூறுகள் சேரும்போது கலப்பின் பயன் மிக அதிகம். முனையில் வளைகோடு செங்குத்தாகவே இறங்குகிறது. வலது முனையிலும் இதே நிலைதான். எனவே வாயுக்கள் கலந்திருக்கும் வினையில் சிறுமம் ஒருபோதும் முனையிலேயே அமையாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவியாவது போன்ற வினைகளை முழுமையடைபவை என்கிறோம். அங்கே நேர்கோடு மிக ஆழமாக இறங்குவதால் சிறுமம் வலது முனையோடு ஒட்டியே கிடக்கிறது; மிஞ்சும் ஹைட்ரஜன் அளவிட முடியாத அளவுக்குக் குறைவு.

கலப்பு இல்லாவிட்டால் படம் மாறிவிடும். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டையாக்ஸைடும் கிடைக்கின்றன. திண்மங்கள் இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. வெளியேறும் வாயுவின் அழுத்தத்தை 1 பாரில் நிலையாக வைத்தால், வரைபடம் தொய்வே இல்லாத நேர்கோடு. ஏறத்தாழ 900 டிகிரிக்குக் கீழே அது வலப்பக்கம் ஏறுகிறது. கல் அப்படியே இருக்கும். அதற்கு மேலே இறங்குகிறது. கல் முழுவதும் சுண்ணாம்பாகிவிடும். நடுவழியில் நிற்பதற்கு அங்கே இடமில்லை. வினை நடுவில் நிற்பதற்குக் கலப்பே காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெப்பநிலையை மாற்றினால் நேர்கோட்டின் சரிவு மாறும், சிறுமமும் நகரும். N₂O₄ உடைய வெப்பம் தேவை, மோலுக்குச் சுமார் 57 கிலோஜூல். 100 டிகிரியில் ΔG° −8.5 கிலோஜூல் ஆகிவிட, சிறுமம் 89 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. மூடிய கண்ணாடிக் குழாயில் இந்த வாயுவை அடைத்துச் சுடுநீரில் வைத்தால் பழுப்பு நிறம் அடர்வதும், பனிக்கட்டியில் வைத்தால் வெளிறுவதும் இதனால்தான். அழுத்தமும் சிறுமத்தை நகர்த்தும். 25 டிகிரியிலேயே அழுத்தத்தை 0.1 பாராகக் குறைத்தால் உடைவது 52 சதவீதமாகக் கூடுகிறது.

கணக்கு சரிதானா என்பதை வாயுவின் அடர்த்தியை அளந்து சோதிக்கலாம். N₂O₄ வாயுவின் மோல் நிறை 92 கிராம். NO₂ வாயுவினுடையது 46. 19 சதவீதம் உடைந்திருந்தால், ஒரு மோலில் தொடங்கிய அதே 92 கிராம் இப்போது 1.19 மோலாக இருக்க வேண்டும். சராசரி மோல் நிறை சுமார் 77. 25 டிகிரியிலும் 1 பாரிலும் அளந்த அடர்த்தி 77க்குப் பொருந்தினால் கலவை சிறுமத்தில் இருக்கிறது. அதைவிடக் கூடுதலாக வந்தால் இன்னும் உடைய வேண்டியது மிச்சம் என்று பொருள்.

வினை எங்கே நிற்கும் என்பதை இந்த வளைகோடு சொல்கிறது. அங்கே போய்ச் சேர எவ்வளவு காலமாகும் என்பதைச் சொல்வதில்லை. N₂O₄ நொடியின் மிகச் சிறு பகுதியில் சமநிலையை எட்டிவிடுகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவோ, சிறுமத்திலிருந்து வெகு உயரத்தில் இருந்தும், தீப்பொறியோ வினையூக்கியோ இல்லாதவரை அறை வெப்பநிலையில் மாறாமல் கிடக்கும். எனவே மாறாமல் இருக்கும் கலவையெல்லாம் சமநிலையில் இருப்பதாகக் கொள்ள முடியாது. அதைக் கண்டறிய எளிய வழி, வினையை இரு முனைகளிலிருந்தும் தொடங்கிப் பார்ப்பது. இரண்டும் ஒரே விகிதத்தில் வந்து நின்றால் அந்த இடமே சிறுமம். வெவ்வேறு விகிதங்களில் நின்றால், குறைந்தது ஒன்றாவது வழியில் தடைப்பட்டு நிற்கிறது. அப்போது பொருத்தமான வினையூக்கியைச் சேர்த்தால், தடைப்பட்ட கலவை மீண்டும் நகரத் தொடங்கும். வினையூக்கி வளைகோட்டின் உருவத்தையோ சிறுமத்தின் இடத்தையோ மாற்றுவதில்லை. அங்கே சேரும் காலத்தை மட்டுமே குறைக்கிறது.