மழை, பேருந்து நிறுத்தம், ஒரு கார்: ‘அக்கினிப் பிரவேசம்’ கதையின் முதல் சில நிமிடங்கள்

முன்பின் தெரியாத இருவர் மழை கொட்டும் ஒரு மாலையில் பேருந்து நிறுத்தத்தில் பேசத் தொடங்குகிறார்கள். இப்படித் தொடங்கும் கதைகள் எத்தனையோ உண்டு. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு வாக்குவாதத்தைக் கிளப்பியது 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. கதையின் முடிவைப் பற்றித்தான் அன்று எல்லோரும் சண்டை போட்டார்கள். ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய அத்தனையையும் பேருந்து நிறுத்தத்திலேயே ஜெயகாந்தன் தயார் செய்துவிடுகிறார்.

ஒரு பெண்கள் கல்லூரி வாசலில் மாணவிகள் வரிசையில் நிற்கிறார்கள். கார் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் தங்கள் தோழிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். பேருந்துகள் வந்து மற்றவர்களைக் கொண்டுபோகின்றன. கடைசியில் மிஞ்சுவது ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி. அவளுக்குக் கதையில் பெயர் கிடையாது. மழைக்கு ஒதுங்க இருப்பது ஒரு மரம். அங்கே ஒரு கிழ மாடும் நிற்கிறது.

அப்போது ஒரு பெரிய கார் வந்து நிற்கிறது. ஓட்டிவந்த இளைஞன், வீட்டில் கொண்டுபோய் விடுவதாக ஆங்கிலத்தில் அழைக்கிறான். மழை விட்டதும் பேருந்திலேயே போய்விடுவதாக அவள் மறுக்கிறாள். அவன் விடுவதாக இல்லை. அவள் திரும்பிப் பார்த்தால், தான் நின்றிருந்த இடத்தை மாடு பிடித்துக்கொண்டுவிட்டது. ஏறிக்கொள்கிறாள்.

இந்த மாடு சின்ன விஷயமாகத் தோன்றும். அதை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தால் அதன் வேலை விளங்கும். அது இல்லாவிட்டால் அவள் மறுத்துவிட்டு மரத்தடிக்கே போயிருக்கலாம். ஏறியதற்கு அவளுடைய சபலமே காரணம் என்று வாசகர் தீர்ப்பு எழுதியிருக்கலாம். எழுத்தாளர் அந்தத் தீர்ப்புக்கு இடம் கொடுக்காமல், அவள் பின்வாங்கக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கிறார். துணைக்கு நின்றவர்களை மழைக்கு முந்திய பரபரப்பிலேயே கலைத்துவிடுகிறார், நிற்கும் இடத்தையும் பறித்துவிடுகிறார். மறுப்பது மரியாதைக் குறைவோ என்று அவளைத் தயங்க வைக்கும் நாகரிகமான பேச்சு ஒன்றுதான் பாக்கி. அது அவனிடம் தாராளமாக இருக்கிறது.

உரையாடலிலும் இதே ஏற்றத்தாழ்வுதான். அவன் சரளமாகப் பேசுகிறான், அவள் ஒன்றிரண்டு சொற்களில் நிறுத்திக்கொள்கிறாள். அந்தத் தயக்கத்தை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறான். கார் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. நடக்கக் கூடாதது நடந்த பிறகுதான் அவள் எவ்வளவு குழந்தைத்தனமானவள் என்பது அவனுக்கு உறைக்கிறது, வருந்துகிறான். ஜெயகாந்தன் அவனை முரட்டு வில்லனாக எழுதவில்லை. அதனால்தான் கதை இன்றும் உறுத்துகிறது என்பேன். அவனை வெறுத்து ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக எழுந்துபோக முடிவதில்லை.

வீட்டுக்கு வந்த மகள் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்கிறாள். தாய் முதலில் துடித்துப்போகிறாள், அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவன் கொடுத்த சூயிங்கத்தைத் துப்பச் சொல்கிறாள். ராமாயணத்தில் சீதை இறங்கிய நெருப்பைத் தலைப்பில் வைத்துவிட்டு, கதைக்குள் ஒரு தாயின் கையால் தண்ணீரை ஊற்ற வைத்தார் ஜெயகாந்தன். கற்பு போய்விட்ட பெண்ணுக்கு மன்னிப்பா என்று பலர் கொதித்தார்கள். அந்தத் தாயைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு.

எதிர்ப்புக்கு ஜெயகாந்தன் இன்னொரு கதையாலேயே பதில் சொன்னார். அதே மழை, அதே நிறுத்தம், அதே கார். தாயின் செயலை மட்டும் மாற்றினார். இம்முறை அவள் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கிறாள். அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்த ஒரு மாற்றத்திலிருந்து வளர்ந்ததுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தொடராக வந்து நாவலான அந்தப் படைப்புக்கு 1972-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

நாவலில் அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பெயர். மாமாவின் தயவில் படித்து, நல்ல வேலைக்கும் வந்துவிட்டாள். அந்த மாமாவின் பார்வையும் சரியில்லை. ஒருநாள் பத்திரிகையில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளரின் கதையைப் படிக்கிறாள். கதையின் பெயர் ‘அக்கினிப் பிரவேசம்’. படிக்கப் படிக்க அது தன் கதை என்று தெரிகிறது, முடிவுதான் வேறு. கதையில் வரும் தாய் மகளைக் காப்பாற்றுகிறாள், தன் தாய் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பத்திரிகையைத் தாயிடமே படிக்கக் கொடுக்கிறாள் கங்கா. வாசகர்களோடு தான் நடத்திய விவாதத்தைத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டார் ஜெயகாந்தன்.

1977-ல் ஏ. பீம்சிங் இதைப் படமாக எடுத்தார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தை மட்டும் பார்த்தவர்கள் சிறுகதையைத் தேடிப் படிக்க வேண்டும், நாவலுக்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது. தாய் கொட்டிய தண்ணீர் கங்காவுக்கு ஏன் கிடைக்காமல் போனது என்ற கேள்வியோடு நாவலுக்குள் நுழையலாம்.